ஒட்டகமா, பதம்பிரிப்பா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
வாசகசாலை விழா அறிவிப்பில் #palakkadtamilvizha என்று போட்டிருந்தோம். பார்வையற்ற பழைய மாணவர் ஒருவர் கூப்பிட்டு, "டீச்சர், என் போன் அதை ஒரே உளறலாக வாசிக்கிறது" என்றார். #PalakkadTamilVizha என்று மாற்றினேன். மூன்று சொல்லாகக் கேட்டதாம். பெரிய எழுத்தைக் கண்டால் திரைவாசிப்பான் அங்கே சொல்லைப் பிரிக்கிறது. இப்படி எழுதுவதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

சித்தூர் நூலகர்:
ஆங்கிலத்தில் ஒட்டகத்தின் பெயரில்தான் வழங்குகிறது, நடுவில் திமில் போல எழுத்து எழும்புவதால். "ஒட்டக எழுத்து" என்றே வைத்துக்கொள்வோம்.

வேலந்தாவளம்:
திமிலுக்கு எங்கே போவது ஐயா? நம் எழுத்தில் பெரியது சிறியது கிடையாது. நான் திரைவாசிப்பானில்தான் படிக்கிறவன். #கோவைபாலக்காடுபாதை என்று ஒட்டி எழுதினால் சொற்கள் ஒட்டுவதோடு நிற்பதில்லை, ஒலியும் கெடுகிறது. சொல் முதலில் வரும் ப வல்லோசை. உயிரோசைக்குப் பின் நடுவில் வந்தால் அது "கோபம்" என்பதில் வரும் ப. என்னிடமுள்ள குரல் பாலக்காட்டையும் பாதையையும் அப்படித்தான் மெலித்துச் சொல்கிறது. #கோவை_பாலக்காடு_பாதை என்றால் இரண்டும் திருந்திவிடுகின்றன. இடைவெளி விட்டால் "கோவை" மட்டுமே ஹேஷ்டேக் ஆகும். சிறுகோடு போட்டாலும் அங்கேயே அறுந்துவிடும். அடிக்கோடுதான் தாங்கும். வேடிக்கை என்னவென்றால், கடைசிச் சொல் "பஸ்" ஆக இருந்தால் ஒட்டி எழுதும்போதுதான் அது சரியாக ஒலிக்கிறது!

வாளையார்:
எங்கள் கடைப் படத்தில் பெயரைப் பெரிய அளவில் போட்டிருக்கிறோமே, அதைப் படிக்குமா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
அளவைச் சொல்லவில்லை அண்ணா, ஆங்கில எழுத்தின் வடிவத்தைச் சொன்னேன். படத்துக்குள் இருக்கும் பெயருக்குத் தனியாக விளக்கம் எழுதிச் சேர்க்க வேண்டும். பெயர் விஷயத்துக்கு வருகிறேன்: பழம்பாட்டைப் பதம் பிரித்துப் படி என்பார்களே, அதிலிருந்து "பதம்பிரிப்பு" எப்படி? ஆங்கிலத்தில் பெரிய எழுத்தால் பதம்பிரிப்பு, தமிழில் அடிக்கோட்டால் பதம்பிரிப்பு. மலையாளத்திலும் பதம் என்றால் சொல்தான், அக்கம்பக்கத்தாருக்கும் புரியும்.

வாளையார்:
என் வீட்டில் பதம் என்றால் பாகுதான்.

சித்தூர் நூலகர்:
ஒட்டகத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாக மாற்றினாலும் அதே ஹேஷ்டேக்தான், பழைய பதிவுகளோடே சேரும். தமிழில் அடிக்கோடு போட்டது வேறு ஹேஷ்டேக் ஆகிவிடும். ஊரார் பாதிப் பேர் ஒட்டி எழுதுவார்கள், தேடினால் பாதிதான் கிடைக்கும்.

வேலந்தாவளம்:
உண்மைதான். ஆகவே அறிவிப்பு வெளியிடும் முன்பே எந்த வடிவம் என்று முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று: நிறுத்தற்குறிகளை எல்லாம் வாசிக்கும்படி அமைத்திருப்பவருக்கு ஒவ்வொரு அடிக்கோடும் பெயரோடு காதில் விழும். நான் குறைத்து வைத்திருக்கிறேன். மூன்று சொல்லுக்கு மேல் போனால் இரண்டு ஹேஷ்டேக்காக உடைப்பதே மேல்.

சித்தூர் நூலகர்:
"பதம்பிரிப்பு" எனக்குச் சம்மதம். அடிக்கோட்டுக்கு இன்னும் இல்லை. ஆந்திரச் சித்தூர்க்காரர்களும் #சித்தூர் என்றே போடுகிறார்கள். எங்களுக்கு இரண்டாவது சொல் இல்லாமல் தீராது. டீச்சர், அந்த மாணவரிடம் #சித்தூர்தமிழ்நூலகம், #சித்தூர்_தமிழ்_நூலகம் இரண்டையும் கேட்கச் சொல்லுங்கள்.