முடிச்சு முத்தின் துளைக்குள் போய்விடுகிறது, அவசர உதவி தேவை

குடமுருட்டி (புதன், இரவு 10.15)
வணக்கம். அம்மாவின் முத்து மாலை போன ஞாயிறு கல்யாண மண்டபத்தில் அறுந்துவிட்டது. பந்தி முடிந்து எழுந்த நேரம். முத்துகள் இலைகளுக்கு அடியிலும் நாற்காலிகளுக்கு அடியிலும் ஓடின. நான்கு பேர் குனிந்து தேடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். இனி ஒருமுறை அப்படி நடக்கக்கூடாது என்று பட்டு நூலில் ஒவ்வொரு முத்துக்கும் இடையே முடிச்சுப் போட்டு நானே கோர்க்கிறேன். பாதி முடிச்சுகள் துளைக்குள் போய் மறைந்துவிடுகின்றன. மாலையும் முன்பைவிட நீளமாகிவிட்டது. என்ன தவறு செய்கிறேன்? அடுத்த வெள்ளிக்கிழமை தங்கைக்கு நிச்சயதார்த்தம்.

வெண்ணாறு (புதன், இரவு 10.40)
என்ன நூல், எத்தனை இழை, முத்தின் அளவு என்ன, துளை எவ்வளவு? ஒன்றும் இல்லை. கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு அம்மா. பதினைந்து ஆண்டுகளாக இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன். நூலை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியிருந்தால் மாலை அறுந்தே இருக்காது.

தறிவீடு (வியாழன், காலை 6.20)
திருபுவனத்தில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி ஓடுகிறது. நூல் மெல்லியதாக இருப்பதுதான் காரணம். தறிப் பட்டையே நான்கு இழையாகச் சேர்த்துக் கோருங்கள். அசல் பட்டு, கடையில் விற்கும் எதையும்விட உறுதியானது. சாயம் போடாத வெள்ளை நூலாக எடுங்கள், வியர்வையில் சாயம் இறங்கி முத்தில் ஏறிவிடும்.

சலங்கை (வியாழன், காலை 9.05)
மயிலாடுதுறையில் நாட்டியப் பள்ளி நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகளின் நகைகளில் முத்துச் சரம் அடிக்கடி அறும். நான் முடிச்சே போடுவதில்லை. நைலான் நரம்பை இரட்டையாக விட்டு, இரண்டு முனையிலும் மட்டும் முடிச்சுப் போட்டால் ஒரு அரங்கேற்றக் காலம் முழுவதும் தாங்குகிறது. நீங்களும் ஏன் இவ்வளவு சிரமப்படுகிறீர்கள் சகோதரி?

பொற்றாமரை (வியாழன், மதியம் 1.30)
சலங்கை அம்மா, உங்களிடம் இருப்பது பிளாஸ்டிக் முத்து என்று நினைக்கிறேன். அதற்கு நீங்கள் செய்வதே சரி. அசல் முத்து அப்படி அல்ல. அதன் மேற்பூச்சு நகத்தைவிடச் சற்றே கடினமானது, அவ்வளவுதான். இடைவெளி இல்லாமல் கோர்த்தால் ஒரு முத்து அடுத்த முத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். துளையைச் சுற்றித் தட்டையான வளையம்போலத் தேய்ந்திருப்பதைப் பழைய மாலைகளில் பார்க்கலாம். அறுந்தால் ஒரு முத்தோடு போகட்டும் என்பது முடிச்சின் பாதிப் பயன். தேய்மானம் தடுப்பது மீதிப் பாதி.

குடமுருட்டி அம்மா, நாற்பது ஆண்டுகளாகக் கும்பகோணத்தில் முத்து கோர்க்கிறேன். மூன்று விஷயம் சொல்லுங்கள். மொத்தம் எத்தனை முத்து, நடுவிலும் ஓரத்திலும் என்ன அளவு? நூல் ஒற்றையா இரட்டையா, எங்கே வாங்கியது? இதற்கு முன் எதில் கோர்த்திருந்தது?

குடமுருட்டி (வியாழன், இரவு 9.50)
மன்னிக்கவும் ஐயா, அவசரத்தில் எழுதிவிட்டேன். 61 முத்து. நடுவில் 8 மி.மீ., ஓரத்துக்குப் போகப் போகச் சிறிதாகி 5 மி.மீ. நூல் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் கொடுத்த ஊடைப் பட்டு, ஒற்றையாகத்தான் விட்டேன். முன்பு நைலானில் முடிச்சில்லாமல் இருந்தது, 16 அங்குலம். அதற்கும் முன்னால் ஆத்தா காலத்தில் வெள்ளிக் கம்பியில் இருந்ததாம். ஓர முத்துகளில் ஊசியே சிரமப்பட்டுத்தான் நுழைகிறது. நடு முத்துகளில்தான் முடிச்சு உள்ளே போகிறது.

பொற்றாமரை (வெள்ளி, காலை 7.10)
கடைசி இரண்டு வரியில்தான் விடை இருக்கிறது. வெள்ளிக் கம்பி துளையின் வாயை உள்ளிருந்து அறுத்து அகலமாக்கும். பெரிய முத்துகள் கனமானவை, கம்பியில் அதிகம் ஆடியிருக்கும். அதனால் ஒரே மாலையில் உங்களுக்கு இரண்டு விதத் துளைகள்: ஓரத்தில் குறுகியவை, நடுவில் தேய்ந்து அகன்றவை.

அடுத்து நூல். ஊடைப் பட்டுக்கு முறுக்கு மிகக் குறைவு. சேலைக்குள் மெத்தென்று படுத்து நிறைய வேண்டும் என்பதற்காக அப்படி வைப்பார்கள். அதில் முடிச்சுப் போட்டால் முடிச்சு இறுகும்போது தட்டையாகி நசுங்கிவிடும். நசுங்கியது துளைக்குள் வழுக்கிப் போகும். தறிவீடு ஐயா சொன்னதுபோல இழையைக் கூட்டினால் தடிமன் வரும், ஆனால் முறுக்கு வராது. சேர்த்து முறுக்காத நான்கு இழையில் ஒன்று இறுகிக் கிடக்கும், மூன்று தளர்ந்து கிடக்கும். பாரம் முழுவதும் அந்த ஒன்றின்மேல் விழும்.

மணி கோர்ப்பதற்கென்றே முறுக்கிய பட்டு நூல் கடைகளில் கிடைக்கிறது. இரட்டையாக மடித்துப் பாருங்கள்: மிகக் குறுகிய துளையில் சிறிது இறுக்கமாக நுழைய வேண்டும், முத்தை விட்டால் தானாக வழுக்கி இறங்கக்கூடாது. அதுவே உங்கள் அளவு. உங்கள் மாலைக்கு இரண்டரை மீட்டர் வாங்குங்கள். மடித்தால் ஒன்றேகால் மீட்டர் வரும். முடிச்சே கணிசமாக நூலைத் தின்னும். கோர்ப்பதற்கு முன் ஓர் இரவு கனமான பொருளைக் கட்டித் தொங்கவிடுங்கள். நீளவேண்டிய பட்டு முதலிலேயே நீண்டுவிடட்டும். இல்லையென்றால் கழுத்தில் கிடந்து நீளும், முடிச்சுக்கும் முத்துக்கும் நடுவே வெற்று நூல் தெரியும்.

நடுவில் இருக்கும் அகன்ற துளைகளுக்கு மட்டும் முடிச்சில் நூலை ஒருமுறைக்கு இரண்டுமுறை சுற்றுங்கள். அந்தப் பருமன் உள்ளே போகாது.

முடிச்சு முத்தை ஒட்டி வரவேண்டும். கையால் இழுத்தால் பாதி வழியில் நின்றுவிடும். வளையத்தைத் தளர்வாகப் போட்டு அதற்குள் ஒரு தடித்த ஊசியை விடுங்கள். ஊசி முனையை முத்தின் துளைவாயில் வைத்து நூலை மெல்ல இழுங்கள். முடிச்சு ஊசிமேல் ஏறி முனைவரை வந்துவிடும். அப்போது ஊசியை உருவிக்கொண்டே இறுக்குங்கள். கடைசியாக இரண்டு இழைகளையும் பிரித்து வலப்புறமும் இடப்புறமும் இழுத்தால் முடிச்சு முத்தோடு போய் உட்காரும். இறுகிய முடிச்சை அவிழ்க்க முயலாதீர்கள், நூல் பிசிராகும்.

குடமுருட்டி (வெள்ளி, காலை 8.00)
நன்றி ஐயா! நீளம்? 18 அங்குலம் வந்தது. முடிச்சில் பசை வைக்கலாமா?

பொற்றாமரை (வெள்ளி, காலை 8.45)
நீளம் தவறல்ல. 61 முத்துக்கு இடையே 60 முடிச்சு. ஒன்று ஏறக்குறைய 1 மி.மீ. என்றால் 6 செ.மீ. கூடும், இரண்டு அங்குலத்துக்கு மேல். ஓரத்தில் ஒரு முத்தும் அதன் முடிச்சும் சேர்ந்து 6 மி.மீ. ஆகவே பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து முத்தை எடுத்துவிட்டால் பழைய நீளம் வந்துவிடும். எடுத்ததைப் பத்திரமாக வையுங்கள். ஓர முத்துகளில் சற்று அகலமான துளை உள்ளவற்றைக் கொக்கிக்குப் பக்கத்தில் வையுங்கள், அங்கே நூல் திரும்பி வர இடம் வேண்டும். அப்படியும் நுழையாவிட்டால் நீங்களே குடையாதீர்கள். பட்டறையில் முத்தை நீரில் வைத்து அகலப்படுத்துவார்கள், சூடேறினால் விரிசல் விடும்.

பசை வேண்டாம். உடனே ஒட்டும் பசை பட்டைக் குச்சிபோல் விறைக்க வைக்கும், விறைத்த இடத்தில்தான் முறியும்.

அரசலாறு (வெள்ளி, மதியம் 12.30)
எங்கள் பாட்டியின் மாலை இருபது ஆண்டுகளாக நூல் மாற்றாமல் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. அது தூத்துக்குடி முத்து. இப்போது வருவதெல்லாம் வளர்ப்பு முத்து, அதனால்தான் இந்தத் தொல்லை.

வெண்ணாறு (வெள்ளி, மதியம் 12.50)
முத்து எங்கே பிறந்தால் என்ன, அறுவது நூல்தானே! தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961. பாட்டியின் முத்து எது என்று சான்று இருக்கிறதா? வீட்டில் சொல்வதெல்லாம் வரலாறு ஆகாது.

அரசலாறு (வெள்ளி, மதியம் 1.15)
பாட்டியின் கல்யாணம் 1950இல் நடந்தது. கணக்குச் சரியாகத்தானே வருகிறது?

வெண்ணாறு (வெள்ளி, மதியம் 1.25)
1950க்கு வெகு முன்பே ஜப்பான் வளர்ப்பு முத்து சந்தையில் இருந்தது. ஆண்டை வைத்து முத்தைச் சொல்ல முடியாது.

தறிவீடு (வெள்ளி, மாலை 4.00)
கடையில் வரும் வெளியூர் நூலைவிட நம் தறிப் பட்டு தாழ்ந்ததா? பாவு நூலுக்கு முறுக்கு உண்டு. அதைச் சேர்த்து முறுக்கித் தந்தால் பொற்றாமரை ஐயா ஒப்புக்கொள்வாரா?

பொற்றாமரை (வெள்ளி, இரவு 8.30)
தறிவீடு ஐயா, பாவு நூலை ஒருசேர முறுக்கினால் நிச்சயம் பயன்படும். என் குருநாதர் அப்படித்தான் தொடையில் வைத்துத் திரிப்பார். இந்த அம்மாவுக்கு வெள்ளிக்கிழமைக்குள் அது கைகூடாது என்பதால் சொல்லவில்லை.

அரசலாறு தம்பி, பாட்டியின் மாலை முத்து எதுவென்று பார்வையில் சொல்ல மாட்டேன், பரிசோதனைக் கூடத்தில் படமெடுத்தால் தெரியும். ஆனால் அந்த நூலை நம்பாதீர்கள். பெட்டியில் கிடந்த இருபது ஆண்டும் கழுத்தில் கிடந்த இருபது ஆண்டும் ஒன்றல்ல. வெண்ணாறு ஐயா சொல்லும் ஓராண்டுக் கணக்கு தினமும் அணிபவர்களுக்குப் பொருந்தும். மாதம் இரண்டு மூன்று முறை என்றால் இரண்டு ஆண்டு. விசேஷத்துக்கு மட்டும் என்றால் மூன்று முதல் ஐந்து ஆண்டு, அதற்குமேல் வைக்கமாட்டேன்.

ஆண்டைவிடக் கண்ணை நம்புங்கள். மாலையை ஒரு முனையில் பிடித்து வெள்ளைத் துணிக்கு முன்னால் தொங்கவிடுங்கள். முடிச்சுக்கும் முத்துக்கும் நடுவில் நூல் தெரிந்தால் தளர்ந்துவிட்டது. பிறகு கொக்கிப் பக்கத்து மூன்று நான்கு முடிச்சுகளைப் பாருங்கள். நம் பெண்களின் பின்னலும் தேங்காயெண்ணெயும் மல்லிகைச் சரமும் படுகிற இடம் அது. என்னிடம் வரும் மாலைகளில் முன்பக்க நூல் வெள்ளையாக இருக்க, பிடரிப்பக்கம் கருத்துப் பிசுபிசுப்பாக இருக்கும். எண்ணெயில் ஒட்டிய தூசு துளைக்குள் போய் நூலை அராவும். அங்கே கருத்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் போட்டுக் கழற்றிய மாலையை அப்படியே பெட்டியில் வைக்காதீர்கள், ஆணியிலும் மாட்டாதீர்கள். ஈரப் பட்டு நீளும். துணியில் படுக்க வைத்து ஓர் இரவு காயவிடுங்கள்.

சலங்கை (சனி, காலை 10.10)
ஐயா, என் அம்மாவின் அசல் முத்துச் சரத்தையும் நான் நைலானில்தான் கோர்த்து வைத்திருக்கிறேன். இப்போது பயமாக இருக்கிறது. அவிழ்த்துவிடட்டுமா?

பொற்றாமரை (சனி, காலை 11.00)
பதற வேண்டாம் அம்மா. முத்துகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா, துளைவாய் கூர்மையாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கூர்மையான வாய் நைலானையும் அறுக்கும். அறும்வரை அடையாளமே காட்டாது என்பதுதான் நைலானில் எனக்குள்ள குறை. பட்டு முன்கூட்டியே பிசிர் விட்டுச் சொல்லிவிடும்.

குடமுருட்டி (வியாழன், இரவு 11.30)
கோர்த்து முடித்துவிட்டேன் ஐயா. முறுக்கிய நூல், இரட்டை இழை, நடுவில் 19 முத்துக்கு இரண்டு சுற்று முடிச்சு. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. பத்து முத்தை எடுத்தபின் 16 அங்குலத்துக்கு ஒரு விரற்கடை கூடுதல். 23ஆவது முடிச்சு மட்டும் சற்றுத் தள்ளி நின்றுவிட்டது, ஊசியை முன்னதாக உருவிவிட்டேன். காலையில் கிளம்ப வேண்டும்.

அரசலாறு (வெள்ளி, காலை 6.45)
பாட்டியின் மாலையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். கொக்கியிலிருந்து இரண்டாவது முடிச்சில் நூல் தெரிகிறது. கும்பகோணத்தில் எங்கே கொண்டுவரலாம் ஐயா?