இணை சேரவே இல்லை, பால் வடிகிறது: பிழிந்துவிடலாமா?

தெற்குத்தெரு:
சிப்பிப்பாறை பெண் நாய், மூணு வயசு, 20 கிலோ. ஒன்பது வாரம் முன்னாடி ஹீட் வந்துச்சு. அந்த மூணு வாரமும் கட்டித்தான் வச்சிருந்தோம், ஆண் நாய் கிட்ட வரல. பத்து நாளா கட்டிலுக்கு அடியில மண்ணைப் பறிக்கிற மாதிரி தரையைப் பிறாண்டுது. ஒரு ரப்பர் செருப்பை வாயில கவ்விட்டுப் போய் அதுக்குப் பக்கத்துலயே படுத்துக்குது, எடுக்கப் போனா உறுமுது. கடைசி நாலு காம்புலயும் பால் நிக்குது. பால் கட்டிக்கும்னு பயந்து தினம் ரெண்டு வேளை சுடுதண்ணித் துணி வச்சுப் பிழிஞ்சு விடுறேன். ஆனா பால் கூடிட்டேதான் போகுது. நேத்து ரெண்டு தடவை வாந்தி எடுத்ததால மருந்துக்கடையில டோம்பெரிடோன் வாங்கிக் கொடுத்தேன். என்ன செய்யலாம்?

கோம்பைக்காரன்:
பொய்ச்சினை தம்பி, பயப்படாதீங்க. ஒரு நாள் சாப்பாடும் தண்ணியும் நிறுத்துங்க, பால் தானா வத்திடும். பொம்பளைங்களுக்குப் பால் வத்த மல்லிகைப்பூ கட்டுவாங்கல்ல, அதே மாதிரி துணியில வச்சு வயித்தைச் சுத்திக் கட்டுங்க. ஒரு ஈத்து போட விட்டுட்டா அப்புறம் இந்தத் தொந்தரவே வராது.

தாமிரபரணி:
பொய்ச்சினை என்று அண்ணன் சொன்னது சரி. மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஹீட் முடிந்ததும் எல்லாப் பெண் நாய்க்கும், சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், சுமார் இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் உயர்ந்தே இருக்கும். அது இறங்கும்போது புரோலாக்டின் ஏறும். பால் சுரப்பது, படுக்கை கூட்டுவது, செருப்பைக் குட்டியாக நினைப்பது எல்லாம் புரோலாக்டின் வேலை. உங்கள் ஒன்பது வாரக் கணக்கு அதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

இப்போது நிறுத்த வேண்டியவை இரண்டு. முதலாவது, பிழிவதும் ஒத்தடமும். காம்பைத் தொடத் தொட மூளைக்குக் குட்டி குடிக்கிறது என்ற செய்திதான் போகும், உடம்பு இன்னும் பால் ஊறவைக்கும். தேங்கிய பாலின் அழுத்தமே சுரப்பை நிறுத்தும், அந்த அழுத்தத்தை நீங்கள் தினமும் இறக்கிவிடுகிறீர்கள். அது தானே நக்கினாலும் இதே கதைதான், அதனால் கழுத்துக்குக் கூம்புக் காலர் போடுங்கள். மல்லிகையைக் கட்டினால் கட்டு உரசும், நாயும் அதைப் பிய்க்கப் பார்த்து நக்கிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, டோம்பெரிடோன். வாந்தி மருந்துதான், ஆனால் புரோலாக்டினை ஏற்றும். மெட்டோக்குளோபிரமைடும் அப்படியே. இரண்டும் இந்த நாய்க்கு வேண்டாம்.

சாப்பாட்டை நாலைந்து நாள் கால் பங்கு குறைக்கலாம். தண்ணீரை நிறுத்தவே கூடாது. செருப்பை வெளியில் நடக்கக் கூட்டிப்போகும் நேரத்தில் வீட்டில் யாராவது எடுத்து மறைத்துவிடட்டும், எதிரில் பிடுங்கினால் கடிக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கும்.

ஆனால் வாந்தி என்றதால் ஒரு கேள்வி: தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, சோர்வா, பின்பக்கம் சீழ் வடிகிறதா? கருப்பைச் சீழ் நோயும் ஹீட்டுக்குப் பிந்தைய இதே வாரங்களில்தான் வரும். சீழ் வெளியே வடியாத வகையும் உண்டு, அதுதான் மோசம். பால் வருகிறது என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது. ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

தெற்குத்தெரு:
சீழ் எதுவும் இல்ல சார், தண்ணி வழக்கம் போலத்தான். மாத்திரை எதுவும் இருக்கா?

தாமிரபரணி:
கேபர்கோலின். புரோலாக்டினை இறக்கும். கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், நாளுக்கு ஒரு முறை, ஐந்து முதல் ஏழு நாள். உங்கள் நாய்க்கு 100 மைக்ரோகிராம் வரும். மனிதர்களுக்கான மாத்திரை 0.5 மில்லிகிராம், அதாவது 500 மைக்ரோகிராம், அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சரியாக வெட்ட முடியாது. 0.25 கிடைத்தால் பாதி மாத்திரை 125, கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். சாப்பாட்டோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் வாந்தி வரும். உண்மையிலேயே சினையாக இருந்தால் கரு கலைந்துவிடும். ஸ்கேனை முதலில் எடுக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். உங்கள் நாய் செருப்புக்காக உறுமுவதால் மாத்திரை தேவைப்படலாம். வெறும் பால் மட்டும் என்றால் நான் காத்திருக்கத்தான் சொல்வேன்.

மல்லிகா வீடு:
நல்ல தகவல் அண்ணா. எங்க லேப்ரடார் ஏழு குட்டி போட்டு ஒன்பது நாளாச்சு. இன்னைக்குக் காலையில இருந்து பின்பக்கத்து ஒரு மடி கல்லு மாதிரி இருக்கு, தொட்டா கத்துது. அப்போ நாங்களும் பிழியாம காலர் போட்டு விட்டுடலாம்ல?

தாமிரபரணி:
வேண்டாம்மா! உங்களுக்கு நேர் எதிர். நான் மேலே சொன்னது குட்டியே இல்லாத நாய்க்கு. உங்களுடையது மடிநோய் போலத் தெரிகிறது. குட்டியின் நகம் கீறிய இடத்தில் கிருமி ஏறி, பால் உள்ளேயே தேங்கிக்கிடக்கும். அதை வெளியேற்றியே ஆக வேண்டும்.

முதலில் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள், 102.5 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனால் காய்ச்சல். பிறகு அந்தக் காம்பிலிருந்து இரண்டு சொட்டை வெள்ளைத் தட்டில் பிழிந்து, பக்கத்துக் காம்புப் பாலோடு ஒப்பிடுங்கள். மஞ்சளாக, பழுப்பாக, திரிந்தாற்போல, ரத்தம் கலந்து வந்தால் சந்தேகமே இல்லை.

மல்லிகா வீடு:
103.8 இருக்கு அண்ணா. பால் டீ கலர்ல வருது. வீட்ல பாராசிட்டமால் இருக்கு, கொடுக்கட்டுமா?

தாமிரபரணி:
பாராசிட்டமாலும் வேண்டாம், ஐபுபுரூஃபனும் வேண்டாம். இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். குட்டிகள் பால் குடிக்கின்றன என்பதை மறக்காமல் சொல்லுங்கள். செஃபலெக்சின், அமாக்சிசிலின்-கிளாவுலனேட் போன்றவை பொதுவாகக் கொடுப்பார்கள். டெட்ராசைக்ளின், என்ரோஃபுளோக்சசின் வகைகள் குட்டியின் பல்லுக்கும் குருத்தெலும்புக்கும் ஆகாது.

போகும் வரைக்கும், அதற்குப் பிறகும், ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை, உங்கள் கை தாங்கும் சூட்டில் துணி நனைத்துப் பத்து நிமிடம் ஒத்தடம் வைத்து, மென்மையாகப் பிழியுங்கள். நாய் கத்தினால் அழுத்தத்தைக் குறையுங்கள். மற்ற மடிகளில் குட்டிகள் குடிக்கலாம், இந்த ஒன்றில் மட்டும் விடாதீர்கள். மடி ஊதா நிறமாகவோ கருப்பாகவோ மாறினால், குளிர்ந்துபோனால், தசை அழுகுகிறது என்று அர்த்தம். அப்போது காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

குட்டிகளைச் சமையல் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். 400 கிராமில் பிறந்த குட்டி இந்நேரம் கிட்டத்தட்ட 800 இருக்க வேண்டும். எடை ஏறாமல் ஓயாமல் கத்துகிற குட்டிக்கு, நாய்க்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடர் கொடுங்கள். எல்லாக் குட்டிக்கும் நகத்தின் நுனியை வெட்டிவிடுங்கள்.

கோம்பைக்காரன்:
அப்போ தெற்குத்தெரு தம்பி நாய்க்கும் மடிநோய் வரலாம்ல?

தாமிரபரணி:
வரலாம், நக்கி நக்கிப் புண்ணாக்கினால். நாலு மடியும் ஒரே மாதிரி மெத்தென்று இருந்தால் பிரச்சினை இல்லை. ஒன்று மட்டும் சூடாக, சிவந்து, இறுகினால் விதி மாறிவிடும், உடனே காட்ட வேண்டும். அப்புறம், ஒரு ஈத்து போட்டால் நின்றுவிடும் என்பது தவறு அண்ணா. ஈன்ற நாய்க்கும் அடுத்த ஹீட்டுக்குப் பிறகு திரும்ப வரும்.

தெற்குத்தெரு:
ஸ்கேன்ல கருப்பை சுத்தம், சினையும் இல்ல. பிழியறதை நிறுத்தியாச்சு. கருத்தடை ஆபரேஷனை இந்த வாரமே செஞ்சுடலாமா?

தாமிரபரணி:
பால் வடியும்போது செய்யாதீர்கள். புரோஜெஸ்டிரோன் ஒரேயடியாக விழுந்து புரோலாக்டின் ஏறியே நின்றுவிட்டால், இந்தக் கோலம் மாதக்கணக்கில் நீளலாம். பால் முழுக்க வற்றி, ஹீட்டிலிருந்து மூன்று நான்கு மாதம் தள்ளிச் செய்யுங்கள்.

கோம்பைக்காரன்:
ஓட்டத்துக்கு விடுற சாதி நாய்க்கு ஆபரேஷன் தேவையான்னு எனக்கு இன்னும் மனசு ஒப்பல. ஒவ்வொரு ஹீட்டுக்கும் மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கலாமே?

தாமிரபரணி:
ஒன்றிரண்டு முறை பார்க்கலாம். கருப்பைச் சீழ் ஆபத்தை மாத்திரை குறைக்காது.

மல்லிகா வீடு:
ஊசி போட்டாச்சு அண்ணா, ராத்திரி 102.9. ஆறு குட்டி எடை ஏறுது. ஒண்ணு மட்டும் நேத்து எடையிலேயே நிக்குது, அதுக்குத் தனியா பால் கரைச்சுக் கொடுக்கிறோம்.