புதுப்பிப்பு: முறுக்கு வியாபாரத் தோல்வியைப் பள்ளியில் பேசினேன்

“ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் என் முறுக்கு வியாபாரம் நொடித்த கதையை எப்படிச் சொல்வது?” என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

உதவிய எல்லாருக்கும் நன்றி. சுங்கை சிப்புட் பள்ளியில் பேசி முடித்தாச்சு. “கணக்கையே காட்டுங்க” என்ற கணக்காளர் அக்காவின் யோசனைதான் எடுபட்டது. பலகையில் எழுதினேன்: ஒரு பாக்கெட் 3 வெள்ளி, மாவும் எண்ணெயும் 1.80. “லாபம் 1.20!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். அன்று நானும் அப்படித்தான் நம்பினேன். அப்புறம் கேஸ் 40 காசு, பை 30, கடைக்காரர் கமிஷன் 60 சேர்த்தோம். மொத்தம் 3.10. விற்க விற்க நஷ்டம். வகுப்பே அமைதியாகிவிட்டது.

ஸ்லைடு போடச் சொன்ன தம்பி பாதி சரி: படங்கள் பிடித்தன, எழுத்து பின்வரிசைக்குத் தெரியவில்லை. கடனுதவி பற்றி எழுதிய அண்ணா, நான் கேட்டது அதில்லை, ஆனாலும் குறித்துக்கொண்டேன்.

எதிர்பாராதது ஒன்று. “உங்க கூலி எங்கே, ஆன்ட்டி?” என்றாள் ஒரு மாணவி. இப்போது மறுபடி விற்கும் 4 வெள்ளி விலையிலும் அதை நான் சேர்க்கவில்லை.