பிளேலிஸ்ட் பேரை மாத்துனதுல என் கணக்கு சேனலுக்கு என்ன ஆச்சு, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

கணக்கு டீச்சர், விழுப்புரம் பக்கம்

நாலு வருஷமா பத்தாம் கிளாஸ் கணக்கு தமிழ் மீடியத்துல எடுத்து யூடியூப்ல போட்டுட்டு வர்றேன், சமச்சீர் புத்தகத்துல ஒரு கணக்கு விடாம. வீடியோ நல்லா இருக்குன்னு என் பசங்களே சொல்றாங்க, ஆனா வெளியூர் பிள்ளைங்க யாருமே வந்து சேரல. போன லீவுல உக்காந்து ஸ்டுடியோவுல `YouTube search`னு இருக்கற இடத்தை தொட்டு, பிள்ளைங்க என்ன டைப் பண்ணி என்கிட்ட வந்திருக்காங்கன்னு ஒவ்வொண்ணா பாத்தேன். கிட்டத்தட்ட எல்லாமே இந்த மாதிரிதான் இருந்துச்சு.

```
10th maths exercise 2.5 in tamil
10th maths chapter 2 tamil medium
```

நான் வச்சிருந்த பிளேலிஸ்ட் பேரு என்ன தெரியுமா, `Unit 2 - Class Videos`. எந்த கிளாஸ், எந்த பாடம், என்ன மீடியம், ஒண்ணுமே இல்ல. சேனல் டிஸ்கிரிப்ஷன்ல முதல் நாலு வரி "அன்புடன் வரவேற்கிறோம், கல்வியே அழியாச் செல்வம்"னு போகுது, கணக்குங்கற வார்த்தையே அஞ்சாவது வரியிலதான் வருது. போன்ல சேனல் பக்கத்தை திறந்தா அந்த டிஸ்கிரிப்ஷன்ல ஒரு வரி போலதான் தெரியும், மீதி வேணும்னா தொட்டு பாக்கணும், யாரு தொடுவா.

அதனால ரெண்டாவது பாடத்தை மட்டும் முதல்ல மாத்தி பாத்தேன்.

```
10th Maths Chapter 2 எண்களும் தொடர்வரிசைகளும் | பயிற்சி 2.1 முதல் 2.10 வரை | Tamil Medium
```

பிளேலிஸ்ட் டிஸ்கிரிப்ஷன் காலியா கிடந்துச்சு, அதுல இதை எழுதுனேன்.

```
தமிழ்நாடு சமச்சீர் 10ஆம் வகுப்பு கணக்கு, இரண்டாவது பாடம் முழுவதும்.
யூக்ளிடின் வகுத்தல் துணைத் தேற்றம், கூட்டுத் தொடர்வரிசை, பெருக்குத் தொடர்வரிசை எல்லாம் புத்தக வரிசையிலேயே.
கூட்டுத் தொடர்வரிசை மட்டும் வேணும்னா பயிற்சி 2.5 வீடியோல ஆரம்பிங்க.
```

ரெண்டு மாசம் கழிச்சு பாத்தா தேடி வர்றவங்க கொஞ்சம்தான் கூடியிருந்தாங்க, எனக்கு ஏமாற்றமாத்தான் இருந்துச்சு. ஆனா `Playlists`னு வேற ஒரு வரி, முன்னாடி அங்க ஒண்ணுமே கிடையாது, இப்ப அதுதான் மூணாவது இடத்துல நிக்குது. அதாவது 2.5க்கு வந்த பிள்ளை 2.6, 2.7னு உள்ளேயே நடந்து போயிருக்கு. உங்களுக்கெல்லாம் எப்படி நடந்துச்சு?

எடிட்டர் தம்பி, கோவை

மேடம் நல்ல வேலை பண்ணீங்க ஆனா பாதியில நிறுத்திட்டீங்க. நான் மூணு கோச்சிங் சேனலுக்கு எடிட் பண்றேன், எல்லாத்துலயும் சேனல் டிஸ்கிரிப்ஷன்ல 1000 எழுத்து வரைக்கும் இடம் இருக்குல்ல, அதை முழுசா கீவேர்டாலயே ரொப்பிடுவேன், 10th maths, tenth maths, sslc maths, maths tamil, kanakku, ganitham இப்படி கமா போட்டு கமா போட்டு. பிளேலிஸ்ட் டிஸ்கிரிப்ஷன்ல 5000 எழுத்து வரைக்கும் போகும், அதுலயும் அப்படித்தான். எவ்வளவு வார்த்தை இருக்கோ அவ்வளவு வலை விரிச்ச மாதிரி. பிள்ளைங்க டைப் பண்ற வார்த்தையிலேயே பேரு வைக்கணும்னு நீங்க சொன்னது 100 சதவீதம் கரெக்ட்.

ஃபிசிக்ஸ் சார், மதுரை

தம்பி, பிள்ளைங்க வார்த்தையை எடுக்கணும்ங்கறது சரி, ஆனா கமா போட்டு ரொப்புறத தயவு செஞ்சு நிறுத்துங்க. டிஸ்கிரிப்ஷன்ல டேக்கை அள்ளிக் கொட்டுறது யூடியூப் விதிமுறைக்கே எதிரானது, ஸ்பேம் கணக்குல வந்துடும், உங்க கஸ்டமர் சேனல்தான் மாட்டும். நானும் ஒரு தடவை காசு குடுத்து ஒருத்தர்கிட்ட எழுதி வாங்கினேன், அவரும் இதேதான் செஞ்சு குடுத்தார். அதைப் படிச்சுட்டு ஒரு பெற்றோர் போன் பண்ணி "சார் இது பிளஸ் ஒன்னா பிளஸ் டூவா"ன்னு கேட்டாங்க, ஏன்னா அதுல ரெண்டு கிளாஸும் இருந்துச்சு, நீட்டும் இருந்துச்சு, நான் எடுக்கறது பிளஸ் ஒன் மட்டும்தான். அன்னைக்கே அழிச்சுட்டு மூணே வாக்கியம் எழுதுனேன். எந்த கிளாஸ், எந்த மீடியம், எந்த புத்தகம், எப்படி எடுக்கறேன், புதுசா வர்றவங்க எந்த பிளேலிஸ்ட்ல ஆரம்பிக்கணும், அவ்வளவுதான். தினமும் என்ன போடுவேன்னு வாக்குறுதி எழுதல, மார்ச் மாசம் பரீட்சை டூட்டி வந்தா நம்மளால காப்பாத்த முடியாது.

டீச்சர், நீங்க சொன்ன அந்த `Playlists` வரியைத்தான் நானும் முக்கியமா பாக்கறேன். பிளேலிஸ்ட் பேரு மாத்துனா சர்ச் எகிறிடும்னு நினைச்சு மாத்தறவங்கதான் ஒரு மாசத்துல மனசு விட்டுடறாங்க. சர்ச்சுல வந்து நிக்கறது பெரும்பாலும் தனி வீடியோதான், அதோட தலைப்புதான் அங்க வேலை செய்யும். பிளேலிஸ்ட் பேரு வேலை செய்யறது வந்தவன் அடுத்தது எங்க போறதுன்னு தேடற இடத்துல. அதனால பேரும் வரிசையும் சேந்துதான் போகணும். உங்க பிளேலிஸ்ட் வரிசை சரியா இருக்கா, புதுசு மேலயா பழசு மேலயா?

கணக்கு டீச்சர், விழுப்புரம் பக்கம்

சார் அதுலதான் நான் நல்லா அடி வாங்கினேன், சொல்ல விட்டுட்டேன். பேரை அழகா 2.1 முதல் 2.10னு வச்சுட்டேன், உள்ள திறந்தா முதல் வீடியோ 2.10! வரிசை புதுசு மேலன்னு இருந்திருக்கு. `Play all` அழுத்துன பிள்ளைக்கு எடுத்தவுடனே ஒரு மார்க் கேள்வி ஓடுது. "மிஸ் 2.1 போடவே இல்லையா"ன்னு கமெண்ட் வந்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது. அப்புறம் `Manual`னு மாத்தி கையாலயே இழுத்து அடுக்குனேன், புது வீடியோ மேல போய் உக்காரற அந்த செட்டிங்கையும் எடுத்துட்டேன். நான் சொன்ன ரெண்டு மாசம் இதுக்கு அப்புறம்தான், அதனால மாற்றம் பேரால வந்துச்சா வரிசையால வந்துச்சான்னு என்னால உறுதியா பிரிச்சு சொல்ல முடியல.

ஸ்போக்கன் இங்கிலீஷ் அக்கா, திருச்சி

எனக்கு ஒரு பயம் இருக்கு டீச்சர், பேரை மாத்துனா பழைய லிங்க் எல்லாம் செத்துடாதா? வாட்ஸப் குரூப் முழுக்க நான் பிளேலிஸ்ட் லிங்க்தான் அனுப்பி வச்சிருக்கேன். அதோட எனக்கு வீடியோவுக்கு வியூஸே வர்றதில்ல, ஹேஷ்டேக் எத்தனை போடணும்? என்கிட்ட மொத்தம் 34 பிளேலிஸ்ட் இருக்கு, ஒவ்வொரு டாபிக்குக்கும் ஒண்ணு, சிலதுல ஒரே ஒரு வீடியோதான், இன்னும் எடுக்கல.

ஃபிசிக்ஸ் சார், மதுரை

லிங்க் போகாது மேடம், தைரியமா மாத்துங்க. லிங்க்ல `list=`க்கு அப்புறம் இருக்கற எழுத்துதான் அந்த பிளேலிஸ்டோட அடையாளம், பேரு மாறினாலும் அது மாறாது. பிளேலிஸ்டையே டெலீட் பண்ணிட்டு புதுசா ஆரம்பிச்சாதான் பழைய லிங்க் போயிடும், அந்தத் தப்பை மட்டும் செஞ்சுடாதீங்க.

ஹேஷ்டேக் வேற விஷயம், அதை விடுங்க. உங்க கஷ்டம் அந்த 34ன்னுதான் எனக்குப் படுது. ஒரு வீடியோ இருக்கற பிளேலிஸ்ட்ல ஒரு பிள்ளை நுழைஞ்சா அது முடிஞ்சதும் நம்மகிட்ட அடுத்த பாடமே இல்ல, வேற யாரோட வீடியோவுக்கோ போயிடும். டென்ஸ் எல்லாத்தையும் ஒண்ணா போட்டு, பேருல யாருக்குன்னு போடுங்க, வேலைக்குப் போறவங்களுக்கா, பள்ளிக்கூட பிள்ளைங்களுக்கா. இன்னும் எடுக்காததை பிரைவேட்ல வைங்க, எடுத்த பிறகு திறந்துக்கலாம்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் அக்கா, திருச்சி

நான் டெலீட் பண்ணத்தான் இருந்தேன் சார், நல்ல வேளை கேட்டேன். பேருல "30 நாளில் ஆங்கிலம்"னு போட்டா நல்லா ஓடும்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார், போடலாமா?

ஃபிசிக்ஸ் சார், மதுரை

உள்ள 30 பாடம் இருந்து, நாள் ஒண்ணுன்னு நடத்தியிருந்தா போடுங்க. இல்லைன்னா வேண்டாம். பிளேலிஸ்ட் பேரு உள்ள இல்லாததைச் சொல்லக்கூடாதுன்னும் விதி இருக்கு, அதை விடுங்க, நம்பி வந்தவங்க ரெண்டாவது வீடியோலயே வெளிய போயிடுவாங்க.

ஓ/எல் கணித ஆசிரியர், யாழ்ப்பாணம்

டீச்சர், உங்கட சேனலுக்கு எங்கட பிள்ளைகளும் வந்திருக்கினம், உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. தமிழில கணிதம் எண்டு தேடினா உங்கட வீடியோவும் என்ர வீடியோவும் பக்கத்தில பக்கத்திலதான் வருது. என்னட்ட படிக்கிற ஒரு பிள்ளை உங்கட பத்தாம் வகுப்பு பாடத்தைப் பாத்திட்டு, சேர் இது எங்கட புத்தகத்தில இல்லையே எண்டு குழம்பிப் போய் வந்தது. எங்களுக்கு சாதாரண தரப் பரீட்சை தரம் 11இல, பாடத்திட்டமும் வேற. நீங்க இப்ப டிஸ்கிரிப்ஷனில முதல் சொல்லே "தமிழ்நாடு" எண்டு போட்டது பெரிய உதவி. ஆனா பேரில அது இல்லை, பிள்ளைகள் பாக்கிறது பேரை மட்டும்தான். நான் எல்லாப் பிளேலிஸ்டுக்கும் `O/L Maths தரம் 11 | Sri Lanka Tamil Medium` எண்டுதான் தொடங்கிறன். அதுக்குப் பிறகு இந்தியாவில இருந்து வாறவை கொஞ்சம் குறைஞ்சினம், எனக்கு அதில கவலை இல்லை, வாற பிள்ளைகள் கடைசி மட்டும் இருந்து பாக்கினம்.

கணக்கு டீச்சர், விழுப்புரம் பக்கம்

சார் இதை நான் யோசிக்கவே இல்ல, ரொம்ப நன்றி. பேருல `TN Samacheer`னு சேக்கப் போறேன், ஆனா எங்க வைக்கறது? முன்னாடி வச்சா போன்ல `Chapter 2` அறுந்து போயிடுது, பின்னாடி வச்சா யாரும் பாக்கறதில்ல. 150 எழுத்து வரைக்கும் எழுதலாம்தான், ஆனா சின்ன போன்ல முதல் ரெண்டு வரிக்கு மேல தெரியறதில்ல.

எடிட்டர் தம்பி, கோவை

கீவேர்டு விஷயத்துல சார் சொன்னதை ஏத்துக்கறேன், ஒரு சேனல்ல இன்னைக்கே அழிச்சுட்டு வாக்கியமா எழுதிட்டேன், மத்த ரெண்டுக்கும் ஓனர்கிட்ட கேக்கணும். மேடம் கேட்டதுக்கு ஒரு வழி இருக்கு, சேனல் பேருக்கும் டிஸ்கிரிப்ஷனுக்கும் `Add language`னு ஒண்ணு இருக்குல்ல, இங்கிலீஷ்ல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு தனித்தனியா குடுத்துட்டா ரெண்டையும் ஒரே வரியில திணிக்க வேண்டியதில்ல.

ஃபிசிக்ஸ் சார், மதுரை

நான் அதைச் செஞ்சு பாத்தேன் தம்பி. பாக்கறவங்க போன்ல யூடியூப் எந்த மொழியில இருக்கோ அந்த மொழியிலதான் அது காட்டும். எங்க பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க வீட்டு போனை வாங்கி பாத்தேன், தமிழ் மீடியம் பிள்ளைங்கதான், ஆனா எல்லா போனும் இங்கிலீஷ்லதான் செட் ஆகியிருக்கு. அப்ப நான் தமிழ்ல எழுதுனது அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால இங்கிலீஷ்ல டைப் பண்றதையும் தமிழ்ல படிக்கறதையும் ஒரே பேருலதான் கலந்து வைக்கறேன், டீச்சர் வச்ச மாதிரியே. இது கோயம்புத்தூர்லயோ சென்னையிலயோ எப்படின்னு எனக்குத் தெரியாது.

`TN`னு ரெண்டே எழுத்து முதல்ல வச்சு பாருங்க டீச்சர், `TN 10th Maths Chapter 2`னு. இடமும் போகாது, யாழ்ப்பாணத்து பிள்ளைக்கும் தெரிஞ்சுடும்.

ஓ/எல் கணித ஆசிரியர், யாழ்ப்பாணம்

TN எண்டா எங்கட பிள்ளைகளுக்கு விளங்குமோ எண்டு சந்தேகம்தான். நாளைக்கு வகுப்பில கேட்டுப் பாத்திட்டுச் சொல்லுறன்.