ஓய்வு வயசு 58, 59, 60: ஒருநாள் வித்தியாசத்துல ரெண்டு வருஷம்

கொண்டலாம்பட்டிக்காரன்: தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களோட ஓய்வு வயசை 58லிருந்து ஒரேயடியா 60 ஆக்காம ஏன் ரெண்டு தவணையா ஏத்துச்சு? நம்ம தேதியை எப்படிங்க பார்க்கறது?

அஸ்தம்பட்டி கணக்கு: ஒருத்தர் ஓய்வு பெற்றா பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், பென்ஷன் தொகுப்புத் தொகை எல்லாத்தையும் அரசு மொத்தமா எடுத்து வைக்கணும். 2020 மே மாசம் ஊரடங்கு, வரி வரவு படுத்துடுச்சு. 59 ஆக்கினதும் அந்தச் செலவு ஒரு வருஷம் தள்ளிப்போச்சு. 2021 பிப்ரவரியில 60னு அறிவிச்சதும் இன்னொரு வருஷம்.

ஐந்துரோடு அண்ணாச்சி: தள்ளிப்போச்சு சரி, மிச்சமாச்சா? சர்வீஸோட உச்ச சம்பளத்தை ரெண்டு வருஷம் கூடுதலா கொடுத்தாங்க. குரூப் 4 எழுதுற பசங்களுக்குக் காலியிடமும் தள்ளிப்போச்சு. ஜெர்மனியில 65லிருந்து 67க்குப் போறதை 2012ல ஆரம்பிச்சாங்க. 1947ல பிறந்தவருக்கு ஒரு மாசம் கூட, அடுத்த வருஷத்தவருக்கு ரெண்டு மாசம். 1959லிருந்து ரெண்டு ரெண்டு மாசமா ஏறி, 1964ல பிறந்தவருக்கு 67. அதுக்குப் பேர்தான் படிப்படியா. இங்க நடந்தது படி இல்லை, பள்ளம்.

அஸ்தம்பட்டி கணக்கு: பள்ளம்கிறதை ஒத்துக்கறேன், தேதி போட்டாலே தெரியும். வயசு நிறையுற மாசத்தோட கடைசி நாள்தான் ஓய்வு. ஆனா 1ஆம் தேதி பிறந்தவருக்கு முந்தைய மாசக் கடைசி நாள். முந்தின நாளே வயசு நிறைஞ்சதா விதி எடுத்துக்குது. 2020 ஆணை மே 31 முதல் ஓய்வு பெற வேண்டியவங்களுக்குத்தான். 1962 மே 2ல பிறந்தவர் 2020 மே 31ல போகணும். ஆணை வந்ததால 59, பிறகு 60, கடைசியில 2022 மே 31. மே 1ல பிறந்தவர் 2020 ஏப்ரல் 30லயே வீட்டுக்குப் போயிட்டார்.

பார்க்க வேண்டியது பணிப்பதிவேட்டு முதல் பக்கத்துல இருக்கற பிறந்த தேதி. ஆதார்ல என்ன இருந்தாலும் செல்லாது. தப்பா இருந்தா பணியில சேர்ந்த 5 வருஷத்துக்குள்ள மனு கொடுத்திருக்கணும்.

ஏற்காடு காப்பித்தோட்டம்: அப்போ எனக்கும் 60ங்களா? எஸ்டேட்ல பி.எஃப். பிடிக்கறாங்க. 1968 ஜூலை 1னு போட்டிருக்கு.

அஸ்தம்பட்டி கணக்கு: இல்லைங்க, அந்த ஆணை அரசு ஊழியருக்கு. பி.எஃப். பென்ஷனுக்கு 58 வயசும் 10 வருஷ சர்வீஸும் வேணும். அந்தத் தேதி சரின்னா 2026 ஜூலையில 58. 50க்கு மேல முன்னாடியே வாங்கலாம், ஆனா 58க்குக் குறையுற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. உங்க பி.எஃப். எண்ணான யு.ஏ.என். போட்டு பி.எஃப். உறுப்பினர் தளத்துல பிறந்த தேதியையும், பாஸ்புக்ல பென்ஷன் பங்கு மாசாமாசம் ஏறுதான்னும் பாருங்க. சேர்த்தப்போ வயசைக் குத்துமதிப்பா எழுதினவங்களுக்கு ஜூலை 1 விழறது உண்டு. உங்க பள்ளிச் சான்றிதழ்ல என்ன இருக்கு?

ஐந்துரோடு அண்ணாச்சி: அவருக்கு சொன்னது சரி. காலியிடம் தள்ளிப்போனதுக்கு இன்னும் பதில் வரலை.

ஏற்காடு காப்பித்தோட்டம்: சான்றிதழ்ல 1969 மார்ச்சுங்க.

அஸ்தம்பட்டி கணக்கு: அப்போ பென்ஷன் விண்ணப்பத்துக்கு முன்னாடியே பிறந்த தேதியைத் திருத்தச் சொல்லி முதலாளியோட சேர்ந்து கூட்டுப் பிரகடனம் போடுங்க. ஆதாரைப் பிறந்த தேதிச் சான்றா பி.எஃப். ஆபீஸ்ல 2024லிருந்து எடுத்துக்கறதில்லை, பள்ளிச் சான்றிதழையே வைங்க. திருத்தினா உங்க 58 எட்டு மாசம் தள்ளி 2027 மார்ச்சுக்குப் போகும், அதையும் யோசிச்சுக்கங்க.