கதவு எண் தேதியாக மாறிவிடுகிறது: ஊராட்சிக் கணக்கெடுப்புத் தாள், உதவி தேவை

தெற்குத்தெரு:
ஊராட்சி அலுவலகத்திலிருந்து வார்டு தன்னார்வலர்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது. வீட்டுக் கணக்கெடுப்பை அவர்கள் தந்த எக்செல் தாளிலேயே நிரப்பி, கட்டங்களின் வரிசை மாறாமல், csv கோப்பாக வெள்ளிக்கிழமைக்குள் தரவேண்டுமாம். போன தடவை ஆளுக்கொரு விதமாகக் கொடுத்ததில் ஒன்றாகச் சேர்க்க முடியவில்லையாம். 140 வீடும் தட்டி முடித்துவிட்டேன். இப்போது பார்த்தால் 4/12 என்ற கதவு எண் 04-Dec என்று நிற்கிறது, 4/25 போட்ட இடத்தில் Apr-25. 4/12ஏ மட்டும் அப்படியே இருக்கிறது.

மாடிவீடு:
அந்தக் கட்டம் முழுவதையும் தேர்ந்தெடுத்து Text என்று மாற்றுங்கள், சரியாகிவிடும்.

தெற்குத்தெரு:
பத்து வீட்டுக்குச் செய்து பார்த்தேன். 45995 என்று ஏதோ வருகிறது!

பழைய கணக்கர்:
நிறுத்துங்கள், மீதியைத் தொடாதீர்கள். Text என்பது தட்டுவதற்கு முன்னால் செய்யவேண்டியது. 4/12ஐ எக்செல் டிசம்பர் 4 என்று எடுத்துக்கொண்டது. 25ஆம் மாதம் கிடையாது என்பதால் 4/25 அதற்கு 2025 ஏப்ரல். 1/4 என்ற வீட்டை 2025இல் தட்டியிருந்தால் அதுவும் ஏப்ரல் 1தான். உள்ளே இரண்டுக்கும் 45748 என்ற ஒரே எண். வெளித்தோற்றம் மட்டுமே வேறு, Text ஆக்கினால் அதுவும் போய்விடும்.

பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் சேர்த்து, 04-Dec மாதிரி தெரிபவற்றுக்கு முதல் வரி, Apr-25 மாதிரி தெரிபவற்றுக்கு இரண்டாவது:

```
=TEXT(C2,"d\/m")
=TEXT(C2,"m\/yy")
```

அப்புறம் நகலெடுத்து, பழைய கட்டத்தின் மேல் Paste Special போய் Values மட்டும் ஒட்டுங்கள். சேர்த்த கட்டத்தை மறக்காமல் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வரிசை மாறிவிட்டது என்று திருப்பி அனுப்புவார்கள். மாற்றிப் பார்த்த அந்தப் பத்து வீட்டுக்குக் கைத்தாளைப் பார்த்துத் தட்டுவதுதான் நல்லது.

கிழக்குவார்டு:
எங்களுக்கும் கடிதம் வந்தது, காகிதத்தில்தான் கேட்டார்கள். ஒரே கதவு எண்ணில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம். ஒரு வரியா, இரண்டு வரியா?

பழைய கணக்கர்:
மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமையல் தனி என்றால் குடும்பமும் தனி.

மாடிவீடு:
எங்கள் ஊரில் ரேஷன் அட்டைக்கு ஒரு வரி என்றார்கள்.

பழைய கணக்கர்:
அப்படியானால் உங்கள் ஊராட்சி செயலரைத்தான் கேட்கவேண்டும்.

தெற்குத்தெரு:
அண்ணா, எண்கள் திரும்ப வந்துவிட்டன. ஆனால் csv ஆகச் சேமித்து, சரிபார்க்கத் திறந்தால் மறுபடி 04-Dec.

பழைய கணக்கர்:
எக்செல்லில் திறந்ததால்தான். கோப்புக்குள் 4/12 என்றே இருக்கும், நோட்பேடில் திறந்து பாருங்கள். எக்செல்லில் திறந்ததைச் சேமிக்காமல் மூடிவிடுங்கள். அலுவலகத்தில் அதை எதில் திறப்பார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.