அப்பா இறந்த பிறகும் பென்ஷன் வந்துகொண்டிருந்தது: எங்களுக்கு நடந்தது, உங்களுக்கு எப்படி?

ஸ்ரீரங்கத்து மகள்:
அப்பா மத்திய அரசு ஓய்வூதியர். 2024 ஜூன் 12 அன்று தவறிவிட்டார். அம்மாவோடு சேர்ந்த ஜாயிண்ட் அக்கவுண்டில்தான் பென்ஷன். காரியம் முடிந்ததும் தம்பி வங்கிக்குப் போய்ச் சொன்னான். கவுண்டரில் "சரி, சான்றிதழ் வந்ததும் கொண்டு வாங்க" என்றார்கள், எதையும் எழுதி வாங்கவில்லை. ஜூன் முழுப் பென்ஷனும் வந்தது, ஜூலை வந்தது, ஆகஸ்டும் வந்தது. மாதம் 36,000. அம்மா அதைத் தனக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் என்றே நினைத்துவிட்டார். செப்டம்பரில் ஒருநாள் கணக்கிலிருந்து 93,600 ஒரே அடியாகப் போய்விட்டது. பாஸ்புக்கில் அந்த ஒரு வரியைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார். இந்தத் தொகை எப்படி வந்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

கும்பகோணம் அண்ணாச்சி:
ஜாயிண்ட் அக்கவுண்ட் என்றால் ஒருவர் போனாலும் பணம் மற்றவருக்குத்தான் தங்கச்சி. வங்கி எப்படிக் கை வைக்கும்? மேலிடத்துக்குப் புகார் எழுதுங்கள், விடாதீர்கள்.

பென்ஷன் பிரிவு (ஓய்வு):
அண்ணாச்சி சொல்வதில் பாதி சரி. அப்பா இருந்தவரை சேர்ந்த இருப்பு அம்மாவுக்குத்தான். ஆனால் இறந்த நாளுக்குப் பிந்தைய பென்ஷன் அரசாங்கப் பணம். கூடுதலாக வந்தால் திருப்பித் தருவோம் என்று பென்ஷன் தொடங்கும்போதே கையெழுத்து வாங்கியிருப்பார்கள்.

உங்கள் கணக்கைப் பாருங்கள் அம்மா. இறந்த நாள் வரைக்கும் பென்ஷன் உண்டு, மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம். அப்படியானால் ஜூனில் அப்பாவுக்குச் சேர வேண்டியது 12 நாள், 14,400. வந்ததோ 36,000. மீதி 21,600, அதோடு ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்து 72,000. எடுத்தது சரியாக அந்த 93,600தான்.

இதோடு விஷயம் முடியவில்லை. அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் எவ்வளவு?

ஸ்ரீரங்கத்து மகள்:
கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்றார்கள். அகவிலை நிவாரணம் சேர்த்து 21,600. ஆனால் இன்னும் ஒரு ரூபாய்கூட வரவில்லை ஐயா.

பென்ஷன் பிரிவு (ஓய்வு):
அப்படியானால் ஜூனில் 18 நாளுக்கு 12,960, ஜூலை ஆகஸ்டுக்கு 43,200, மொத்தம் 56,160 அம்மாவுக்கு நிலுவை. உண்மையில் நீங்கள் திருப்ப வேண்டியது 37,440 மட்டும்தான். கூடுதல் தொகையை முதலில் மொத்தமாக எடுத்துவிட்டு, குடும்ப ஓய்வூதியத்தை எப்போதோ போடுகிறார்கள், அதனால்தான் வீட்டில் இவ்வளவு கஷ்டம். அம்மா கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதுங்கள். இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ என்கிற ஓய்வூதிய ஆணையின் நகல், அம்மாவின் வயதுக்கும் அடையாளத்துக்கும் ஆதாரம் இவற்றை வைத்து, ஜூன் 13 முதல் நிலுவையோடு தொடங்கும்படி கேளுங்கள். அதே ஜாயிண்ட் அக்கவுண்டிலேயே வாங்கலாம், புதுக் கணக்கு தேவையில்லை. கடிதத்தின் இன்னொரு நகலில் கிளை முத்திரையும் தேதியும் போட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். உங்கள் தம்பி வாயால் சொன்னதற்கு இன்றைக்கு என்ன சாட்சி இருக்கிறது?

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். சான்றிதழ் வரத் தாமதமானாலும் இறந்த தேதியை எழுத்தில் உடனே கொடுத்து, பென்ஷனை நிறுத்தச் சொல்லுங்கள். அப்பா ஏடிஎம் கார்டைத் தொடாதீர்கள். குடும்ப ஓய்வூதியம் வரும்வரை அந்தக் கணக்கை மூடவும் வேண்டாம்.

மில்வீட்டுப் பையன்:
எங்க அப்பா கோவையில் மில்லில் இருந்தவர், பி.எஃப் பென்ஷன். நாங்களும் வங்கியில்தான் கடிதம் கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை.

பென்ஷன் பிரிவு (ஓய்வு):
உங்கள் பாதை வேறு தம்பி. வங்கிக்குத் தகவல் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அம்மாவுக்கான விதவை பென்ஷனைத் தீர்மானிப்பது பி.எஃப் அலுவலகம். அங்கே 10டி படிவம் கொடுக்க வேண்டும்.

தஞ்சாவூர் மருமகள்:
எங்கள் மாமனார் தனிக் கணக்கு வைத்திருந்தார். மாமியாரும் முன்பே காலமாகிவிட்டார். நாங்கள் உடனே எழுத்தில் சொன்னதால் பென்ஷன் நின்றது, ஆனால் அந்த மாதத்தில் அவர் உயிரோடு இருந்த நாட்களுக்கான பணம் தொங்கிக்கொண்டு நின்றது. நிலுவைக்கு அவர் யாரையும் நியமித்திருக்கவில்லை. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மூன்று பிள்ளைகளும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கிடைத்தது. கணக்குக்கு நாமினி இருந்தார், பென்ஷன் நிலுவைக்கு அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஸ்ரீரங்கத்து மகள்:
ரொம்ப நன்றி ஐயா. இன்னொரு சிக்கல். பி.பி.ஓவில் அம்மா பெயர் தங்கம், ஆதாரில் தங்கம்மாள். கிளையில் கெசட் அறிவிப்பு கேட்கிறார்கள்.

கும்பகோணம் அண்ணாச்சி:
எங்க சித்திக்கு நோட்டரி உறுதிமொழி ஒன்றே போதும் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

தஞ்சாவூர் மருமகள்:
எங்க உறவில் ஒருவருக்கு அதை ஏற்கவில்லையே அண்ணாச்சி. அவர் வேலை பார்த்த அலுவலகத்துக்கு எழுதிப் பெயரைத் திருத்தி வரச் சொன்னார்கள்.

பென்ஷன் பிரிவு (ஓய்வு):
கிளைக்குக் கிளை மாறத்தான் செய்கிறது. எது வேண்டும் என்பதை அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள், அதே கடிதத்தை அப்பாவின் அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.